கைபேசிப் படத்திலிருந்து துணைநூற்பட்டியலைத் தட்டச்சு செய்வது: ஆசிரியர், ஆண்டு, தலைப்பு வரிசை குலையாமல்

பாளையங்கோட்டைக் கல்லூரிகளைச் சுற்றியுள்ள தட்டச்சுக் கடைகளுக்கும், அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்கிறவர்களுக்கும் நன்கு பழக்கமான வேலை இது. நூலகத்தில் பழைய ஆய்விதழ் ஒன்று கிடைக்கிறது. கட்டு தளர்ந்த தொகுதி என்பதால் நகலெடுக்கத் தர மாட்டார்கள். ஆய்வாளர் கைபேசியில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டு வருகிறார். கட்டுரையைப் படத்திலேயே படித்துக்கொள்ளலாம். ஆனால் அதன் கடைசியில் இருக்கும் துணைநூற்பட்டியல் மட்டும் தேடவும் எடுத்தாளவும் ஏற்றபடி எழுத்தாக வேண்டும். அந்தப் பட்டியலைப் பிழையில்லாமல் தட்டச்சு செய்வதை, புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

பட்டியல்கள் பல வகை. ஆசிரியர், தலைப்பு, ஊர், பதிப்பகம் என்று போய்க் கடைசியில் ஆண்டைச் சொல்வது ஒரு வகை. ஆசிரியர் பெயரை அடுத்து உடனே ஆண்டைச் சொல்லி, பிறகு தலைப்புக்குப் போவது இன்னொரு வகை. இரண்டாவதைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். இந்த வகைக் கட்டுரைகளில் சான்று காட்டும் இடத்தில் ‘வானமாமலை 1971ஆ’ என்று மட்டும் இருக்கும். படிக்கிறவர் கடைசிப் பக்கத்துக்குப் போய், அதே பெயரையும் அதே ஆண்டையும் பார்த்துத்தான் எந்த நூல் என்று தெரிந்துகொள்ள முடியும். பெயருக்கும் ஆண்டுக்கும் தலைப்புக்கும் உள்ள பிணைப்பு ஓரிடத்தில் அறுந்தால், கட்டுரையில் வரும் சான்று வேறொரு நூலைக் காட்டத் தொடங்கிவிடும். எழுத்துப்பிழை ஒன்று விழுந்தால் பார்த்ததும் தெரியும். ஒரு நூலின் ஆண்டு இன்னொரு நூலுக்குப் போய்விட்டால் யாருக்கும் தெரியாது. அதனால்தான் இந்த வேலையில் எழுத்தைவிட வரிசைக்கு அதிகக் கவனம் வேண்டும்.

முதலில் படத்தைச் சோதியுங்கள்

தட்டச்சைத் தொடங்குமுன் எல்லாப் படங்களையும் திறந்து, பக்க எண் தெரிகிறதா என்று பாருங்கள். பக்க எண் வெட்டுப்பட்டிருந்தால் எது முன், எது பின் என்பது ஊகமாகிவிடும். படங்களுக்கு 01, 02 என்று பக்க வரிசைப்படி பெயர் மாற்றிக்கொள்ளுங்கள். கைபேசி தரும் பெயர் படம் எடுத்த நேரத்தைத்தான் சொல்லும். ஒரு பக்கம் சரியாக விழாமல் கடைசியில் மறுபடி எடுத்திருந்தால், அந்தப் பக்கம் பட்டியலின் முடிவில் போய் நிற்கும்.

அடுத்து, நூலின் நடுமடிப்பைப் பாருங்கள். தடித்த தொகுதியை விரித்துப் படம் எடுக்கும்போது காகிதம் மடிப்புப் பக்கமாக வளைந்து நிழல் விழும். இடப்பக்கத் தாளில் மடிப்பு வலது ஓரத்தில் இருப்பதால் வரிகளின் முடிவு மங்கும். வலப்பக்கத் தாளில் மடிப்பு இடது ஓரத்தில் வரும். அங்கேதான் ஆசிரியர் பெயரின் முதல் எழுத்துகள் இருக்கின்றன. துணைநூற்பட்டியலைப் பொறுத்தவரை வலப்பக்கத் தாளில்தான் ஆபத்து அதிகம். ‘வானமாமலை’ என்பதில் ‘வா’ நிழலுக்குள் போனாலும் மிச்சத்தை வைத்துக் கண்டுகொள்ளலாம். பெயருக்குப் பதிலாகப் போட்ட நீள்கோடு நிழலுக்குள் போனால் அங்கே ஒரு கோடு இருந்ததே தெரியாது. அப்படிப்பட்ட படம் வந்தால் தயங்காமல் திருப்பிக் கொடுத்து, தாளை மெதுவாக அழுத்திப் பிடித்து, வெளிச்சம் மடிப்புக்கு நேராக விழும்படி மறுபடி எடுத்துவரச் சொல்லுங்கள்.

படத்தை வாட்ஸ்அப்பில் வழக்கம்போல அனுப்பினால் அது சுருக்கப்பட்டுத்தான் வரும். புள்ளியும் கொம்பும் கலங்கிப்போகும். ‘ஆவணம்’ என்ற வழியில் அனுப்பச் சொன்னால் எடுத்த அளவிலேயே வந்து சேரும்.

ஒரு பதிவு எங்கே தொடங்குகிறது?

அச்சில் ஒவ்வொரு பதிவின் முதல் வரியும் இடது ஓரத்தை ஒட்டி இருக்கும். அடுத்தடுத்த வரிகள் சற்று உள்ளே தள்ளியிருக்கும். புதுப் பதிவு தொடங்கும் இடத்தைக் காட்டும் நம்பகமான அடையாளம் அதுதான். முற்றுப்புள்ளியை நம்ப வேண்டாம். ஒரே பதிவுக்குள் தலைப்பெழுத்துக்குப் பின் ஒரு புள்ளி, ஆண்டுக்குப் பின் ஒரு புள்ளி, தலைப்புக்குப் பின் ஒரு புள்ளி என்று நிறைய வரும். படம் சாய்வாக எடுக்கப்பட்டிருந்தால் உள்தள்ளல் கண்ணுக்குத் தெரியாமல் போகும். அப்போது கைபேசியின் திருத்தும் வசதியில் படத்தை நேராகத் திருப்பிக்கொண்டு, திரையின் இடது ஓரத்தில் ஒரு காகித விளிம்பை வைத்துப் பாருங்கள். எந்த வரிகள் விளிம்பைத் தொடுகின்றன, எவை விலகி நிற்கின்றன என்பது தெரிந்துவிடும்.

தட்டச்சு செய்யுமுன் படத்திலேயே பதிவுகளை எண்ணி, ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் எண் போட்டுவிடுங்கள். தாளில் அச்சிட்டுப் பென்சிலால் எழுதலாம். கைபேசித் திரையில் விரலாலும் எழுதலாம். இந்த எண் கடைசிவரை மாறக்கூடாது. வேலை முடிந்ததும் உங்கள் கோப்பில் இருக்கும் பதிவுகளும் இதே எண்ணிக்கையில் இருக்க வேண்டும்.

ஒரு பட்டியலைச் செய்து பார்ப்போம்

உதாரணத்துக்கு, நெல்லைச் சீமையின் கதைப்பாடல்களைப் பற்றிய ஒரு கட்டுரை என்று வைத்துக்கொள்வோம். பட்டியல் இரண்டு படங்களில் இருக்கிறது. முதல் படம் இப்படி முடிகிறது:

```
சேதுப்பிள்ளை, ரா. பி. 1946. தமிழகம் ஊரும்
    பேரும். சென்னை.
வானமாமலை, நா. 1964. தமிழர் நாட்டுப்
```

இரண்டாவது படம் இப்படித் தொடங்குகிறது:

```
    பாடல்கள். சென்னை: நியூ செஞ்சுரி புக் ஹவுஸ்.
——— (ப.ஆ.) 1971அ. முத்துப்பட்டன் கதை. மதுரை:
    மதுரைப் பல்கலைக்கழகம்.
——— (ப.ஆ.) 1971ஆ. வீரபாண்டியக் கட்டபொம்மு கதைப்
    பாடல். மதுரை: மதுரைப் பல்கலைக்கழகம்.
```

எட்டு வரிகள்தான். ஆனால் புதியவர்கள் தடுமாறும் இடங்கள் எல்லாம் இதற்குள் இருக்கின்றன.

இரண்டாவது படத்தின் முதல் வரி உள்ளே தள்ளியிருக்கிறது. எனவே அது புதிய பதிவு அல்ல, முந்தைய படத்தின் கடைசிப் பதிவின் தொடர்ச்சி. இதைக் கவனிக்காதவர் ‘பாடல்கள்’ என்று ஒரு நூலையே உருவாக்கிவிடுவார். ஒவ்வொரு படத்தின் முதல் வரியையும் கடைசி வரியையும் சேர்த்துப் படித்த பிறகுதான் தட்டச்சில் இறங்க வேண்டும்.

அடுத்தது நுட்பமானது. ஆங்கில அச்சில் சொல்லை உடைத்தால் வரி முடிவில் சிறு கோடு போடுவார்கள். தமிழ் அச்சில் அந்தக் கோடு பெரும்பாலும் இருக்காது. இடம் முடிந்த எழுத்தோடு வரியை முறித்துவிடுவார்கள். ஆகவே ‘நாட்டுப்’ என்று வரி முடிந்து அடுத்த வரி ‘பாடல்கள்’ என்று தொடங்கினால், மூலத்தில் அது ‘நாட்டுப் பாடல்கள்’ என்று இரண்டு சொல்லா, ‘நாட்டுப்பாடல்கள்’ என்று ஒரே சொல்லா என்பது அந்த வரியை மட்டும் பார்த்தால் தெரியாது. ‘கதைப் பாடல்’ என்பதிலும் அதே சிக்கல். காதுக்கு வேறுபாடு இல்லை. ஆனால் நூலகப் பட்டியலிலோ கோப்பிலோ தேடும்போது இடைவெளி இருப்பதும் இல்லாததும் வேறு வேறு விடைகளைத் தரும்.

இதற்கு ஒரு வழி உண்டு. கட்டுரையின் உடற்பகுதியில் அந்தத் தலைப்பு வேறெங்காவது வரி முறியாமல் வந்திருக்கிறதா என்று தேடுங்கள். வந்திருந்தால் அதுவே சான்று. வராவிட்டால் அதே பட்டியலில் ‘நாட்டுப்பாடல்’, ‘கதைப்பாடல்’ போன்ற சொற்கள் வரி நடுவில் எப்படி அச்சாகியிருக்கின்றன என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் முடிவு உங்கள் கையில் இல்லை. சந்தேகம் இருக்கும் இடத்தில் சதுர அடைப்புக்குள் கேள்விக்குறி போட்டுவிட்டு நகருங்கள். உங்களுக்குப் பழக்கமான வடிவத்தை எழுதிவிட்டால், அது நீங்கள் எழுதியது என்பதே பிறகு யாருக்கும் தெரியாது.

இப்போது இதை அட்டவணையாக்கலாம். எக்செல் போன்ற தாளில் ஏழு நிரல்கள் போதும்.

```
எண் | படம் | ஆசிரியர் | ஆண்டு | தலைப்பு | மற்றவை | ஐயம்
09 | 1-2 | வானமாமலை, நா. | 1964 | தமிழர் நாட்டுப்[?]பாடல்கள் | சென்னை: நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் | வரி முறிவு
10 | 2 | ——— (ப.ஆ.) | 1971அ | முத்துப்பட்டன் கதை | மதுரை: மதுரைப் பல்கலைக்கழகம் |
11 | 2 | ——— (ப.ஆ.) | 1971ஆ | வீரபாண்டியக் கட்டபொம்மு கதைப்[?]பாடல் | மதுரை: மதுரைப் பல்கலைக்கழகம் | வரி முறிவு
```

தட்டச்சைத் தொடங்குமுன் எல்லா நிரல்களையும் ‘உரை’ என்ற வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் இதழ் எண் 3-4 என்று நீங்கள் அடித்தது தேதியாக மாறி நிற்கும். 09 என்பது 9 ஆகிவிடும்.

‘ப.ஆ.’ என்பது பதிப்பாசிரியர் என்பதன் சுருக்கம். அது ஆசிரியர் நிரலில்தான் இருக்க வேண்டும். ஆண்டுக்கு அருகில் வருகிறது என்று ஆண்டு நிரலிலோ, தலைப்போடு சேர்த்தோ வைக்கக்கூடாது. நாட்டார் பாடல்களைத் திரட்டிப் பதிப்பித்தவருக்கும் சொந்தமாக நூல் எழுதியவருக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டும் இடம் பட்டியலில் அது ஒன்றுதான்.

நீள்கோடு

“அண்ணாச்சி, இந்தக் கோடு எதற்கு? அழகுக்காகப் போட்டதா?” என்று தட்டச்சு பழக வந்த தங்கை ஒருத்தி கேட்டாள். கேட்டது நல்லது, கேட்காமல் விட்டுவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். அந்தக் கோட்டுக்கு ‘மேலே சொன்ன அதே ஆசிரியர்’ என்று பொருள். சில பழைய பட்டியல்களில் கோட்டுக்குப் பதிலாக இரட்டைக் காற்புள்ளியைப் போன்ற மேற்படிக் குறி இருக்கும். பொருள் ஒன்றே.

கோடு தனக்கென்று எதையும் சொல்வதில்லை. தனக்கு மேலே இருக்கும் பதிவை நம்பி நிற்கிறது. மேலே இருப்பது மாறினால் கோட்டின் பொருளும் மாறும். எக்செல் தாளில் ஆசிரியர் நிரலை அகர வரிசைப்படுத்தினால், கோடு போட்ட வரிகள் எல்லாம் ஒன்றாகத் திரண்டு ஒரு மூலைக்குப் போய்விடும். அவற்றுள் எது வானமாமலையுடையது, எது வேறொருவருடையது என்று பிரிக்கவே முடியாது. வரிசை எண் நிரல் இருந்தால் அந்த எண்ணைக் கொண்டு பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். முதல் நிரலை நான் விடாமல் வலியுறுத்துவது இதனால்தான். தமிழ்ப் பெயர்களைக் கணினி அடுக்கும் முறையும் அச்சுப் பட்டியல் அடுக்கும் முறையும் பல இடங்களில் ஒத்துப்போவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். வேலை முடியும்வரை எந்த நிரலையும் வரிசைப்படுத்தாதீர்கள்.

கோட்டைக் கோடாகவே தட்டச்சு செய்யுங்கள். ஆசிரியர் பெயரைப் போட்டுவிட்டால் தேட வசதியாக இருக்குமே என்று தோன்றினால், கடைசியில் ‘முழுப்பெயர்’ என்று எட்டாவதாக ஒரு நிரல் சேர்த்து அதில் எழுதிக்கொள்ளலாம். மூலத்தில் இருப்பது ஒரு நிரலில், நீங்கள் விரித்தது இன்னொரு நிரலில் என்று பிரிந்திருக்கட்டும். வேர்டு கோப்பில் வேலை செய்கிறவர்கள் மூன்று சிறு கோடுகளை அடித்து எண்டர் தட்டினால், பக்கத்தின் குறுக்கே முழு நீளத்துக்கு ஒரு கோடு விழுந்துவிடும். குறியீடுகள் பட்டியலிலிருந்து நீள்கோட்டை எடுத்து ஒரு முறை ஒட்டிவிட்டு, பிறகு அதையே நகலெடுத்துப் பயன்படுத்துங்கள்.

மடிப்பு நிழலில் கோடு மறைந்த வரியை எப்படிக் கண்டுபிடிப்பது? ஓரத்தைத் தொட வேண்டிய வரி ‘1971அ’ என்று ஆண்டிலேயே தொடங்குவதுபோல் தெரிந்தால், அங்கே கோடு இருந்திருக்க வேண்டும். அந்த வரி முந்தைய பதிவின் தொடர்ச்சி என்று எண்ணி ஒட்டிவிட்டால் ஒரு பதிவுக்கு இரண்டு ஆண்டு வரும். ஒரே பதிவில் இரண்டு ஆண்டும் இரண்டு தலைப்பும் தெரிந்தால் அங்கே இரண்டு நூல்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று சந்தேகப்படுங்கள்.

ஆண்டும் அதன் பின்னால் வரும் எழுத்தும்

ஒரே ஆசிரியர் ஒரே ஆண்டில் இரண்டு நூல்கள் வெளியிட்டிருந்தால் 1971அ, 1971ஆ என்று பிரிப்பார்கள். மங்கிய படத்தில் ‘அ’வுக்கும் ‘ஆ’வுக்கும் உள்ள வேறுபாடு ஒரு சுழி மட்டுமே. கண்ணை மட்டும் நம்பாமல் மூன்று இடங்களில் சரிபாருங்கள். மேலே இருப்பது அ என்றால் அடுத்தது ஆ. இந்த எழுத்துகளைப் பெரும்பாலும் தலைப்பின் அகர வரிசைப்படி கொடுப்பார்கள். நம் உதாரணத்தில் ‘முத்துப்பட்டன்’ முன்னாலும் ‘வீரபாண்டிய’ பின்னாலும் வருவது அதற்குப் பொருந்துகிறது. மூன்றாவது, எல்லாவற்றிலும் வலுவான சான்று, கட்டுரையின் உடற்பகுதி. கட்டபொம்முவைப் பற்றிப் பேசும் பத்தியில் ‘வானமாமலை 1971ஆ’ என்று தெளிவாக இருந்தால் கதை முடிந்தது. ஆகவே படம் எடுப்பவர் பட்டியலை மட்டும் எடுத்துவந்தால் போதாது. கட்டுரை முழுவதையும் எடுத்துவரச் சொல்லுங்கள்.

எண்களில் 1-ம் 7-ம், 3-ம் 8-ம், 6-ம் 0-வும் குழம்பும். எண் மங்கியிருக்கும் இடத்தில் பொது அறிவைக் கொண்டு நிரப்பத் தோன்றும். அங்கேதான் நிதானம் வேண்டும். உதாரணக் கட்டுரையின் ஆங்கிலப் பகுதியில் இப்படி ஒரு பதிவு இருக்கிறது என்று கொள்வோம்:

```
Caldwell, R. 1881. A Political and General History
    of the District of Tinnevelly. Madras:
    Government Press.
```

படத்தில் 1881-இன் இரண்டாவது எண் கலங்கி, 8-ஆ 9-ஆ என்று தெரியவில்லை. இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1891-இல் மறைந்துவிட்டார், ஆகவே 1981 என்பது இருக்க முடியாது என்று வாதம் செய்து 1881 என்று அடித்துவிடலாம் போலிருக்கும். இந்த வாதத்தில் ஓட்டை இருக்கிறது. பழைய நூல்களுக்கு மறுபதிப்பு வருகிறது. தான் பயன்படுத்திய மறுபதிப்பின் ஆண்டையே கட்டுரையாசிரியர் கொடுத்திருக்கலாம். ஆசிரியர் மறைந்து பல பத்தாண்டுகள் கழிந்த ஆண்டு பட்டியலில் வருவது சாதாரணம். அதே பதிவில் பதிப்பகத்தின் பெயரைப் பாருங்கள். அரசு அச்சகம், மெட்ராஸ் என்று இருந்தால் முதற்பதிப்பு என்பதற்கு அது ஒரு குறிப்பு. அப்போதும் படத்தைப் பெரிதாக்கி, அதே பக்கத்தில் தெளிவாக விழுந்திருக்கும் 8-ஐயும் 9-ஐயும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். ஒரே அச்செழுத்து என்பதால் வடிவம் மாறாது. எண்ணுக்கு எண் ஒப்பிடும் இந்த முறை ஊகத்தைவிட எத்தனையோ மேல்.

சில பட்டியல்களில் முதற்பதிப்பு ஆண்டும் மறுபதிப்பு ஆண்டும் சேர்ந்து வரும். இரண்டில் ஒன்று அடைப்புக்குள் இருக்கும். எது உள்ளே, எது வெளியே என்பதை மாற்றாமல், இரண்டையும் ஆண்டு நிரலிலேயே வையுங்கள்.

பெயரைத் திருப்ப வேண்டாம்

நம் பெயர்களில் தலைப்பெழுத்து முன்னால் வரும். பட்டியலில் அதைப் பின்னால் தள்ளுவார்கள். எல்லாப் பட்டியலும் அப்படிச் செய்வதில்லை. ‘நா. வானமாமலை’ என்றே கொடுத்து ‘வா’ வரிசையில் வைக்கும் பட்டியல்கள் உண்டு. தலைப்பெழுத்தைக் கணக்கில் எடுத்து ‘நா’ வரிசையில் வைப்பதும் உண்டு. எதுவானாலும் அப்படியே தட்டச்சு செய்யுங்கள்.

ஆங்கிலப் பகுதியில் தமிழ்ப் பெயர்கள் வரும்போது சிக்கல் கூடும். இதைப் பாருங்கள்:

```
Shanmugam Pillai, M., and David E. Ludden. 1976.
    Kuruntokai: An Anthology of Classical Tamil Love
    Poetry. Madurai: Koodal Publishers.
```

முதல் ஆசிரியர் பெயரில் தலைப்பெழுத்து பின்னால் போயிருக்கிறது. இரண்டாம் ஆசிரியர் பெயர் இயல்பான வரிசையில் இருக்கிறது. இது அச்சுப்பிழை அல்ல. அந்த நடையின் விதியே அதுதான். பட்டியலின் அகர வரிசை முதல் ஆசிரியரைப் பொறுத்தே அமைவதால் அவர் பெயரை மட்டும் திருப்புகிறார்கள். இரண்டையும் ஒரே மாதிரி ஆக்கிவிடலாம் என்று கை பரபரக்கும், விட்டுவிடுங்கள். இன்னொன்று: சண்முகம் பிள்ளையை ஒரு பட்டியல் எஸ் வரிசையிலும் இன்னொரு பட்டியல் பிள்ளையைக் குடும்பப் பெயராகக் கொண்டு பி வரிசையிலும் வைக்கலாம். எது சரி என்ற விவாதம் தட்டச்சு செய்கிறவருக்கு உரியதல்ல. மூலம் எந்த எழுத்தின் கீழ் வைத்ததோ அங்கேயே இருக்கட்டும்.

அகர வரிசை உங்களுக்கு ஒரு வகையில் துணையாகவும் இருக்கும். ஒரு பெயரின் முதல் எழுத்து மங்கியிருந்தால், மேலும் கீழும் உள்ள பெயர்கள் எல்லையைச் சொல்லிவிடும். ‘சே’க்கும் ‘வா’வுக்கும் நடுவில் இருக்கும் பெயர் ‘கா’வில் தொடங்க வாய்ப்பில்லை. அதையும் மீறிப் படத்தில் ‘கா’ என்று தெளிவாகத் தெரிந்தால், மூலத்திலேயே வரிசை தவறியிருக்கிறது; அப்படியே எழுதி ஐயம் நிரலில் குறித்துவையுங்கள்.

எழுத்துருவும் எழுத்துணரியும்

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் பழகிய கைகள் நம் ஊர்க் கடைகளில் இன்னும் இருக்கின்றன. துணைநூற்பட்டியலுக்கு மட்டும் அது கூடாது. அதில் ஆங்கில விசைகளின் இடத்தில் தமிழ் எழுத்துகள் உட்கார்ந்திருப்பதால், தமிழும் ஆங்கிலமும் கலந்த பட்டியலில் எழுத்துரு மாறிய நொடியில் ஒரு பாதி புரியாத குறிகளாகிவிடும். யூனிகோடிலேயே அடியுங்கள். யூனிகோடிலும் ‘ா’ என்ற காலுக்குப் பதில் ‘ர’, ‘கௌ’வுக்குப் பதில் ‘கெ’வும் ‘ள’வும் என்று அடிக்கும் பழக்கம் உண்டு. திரையில் ஒன்றுபோலத் தெரியும், தேடினால் கிடைக்காது.

1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்குமுன் அச்சான கட்டுரைகளில் ‘லை’, ‘னை’, ‘றா’ போன்றவை பழைய வடிவில் இருக்கும். அவற்றை இன்றைய வடிவில் அடிப்பது திருத்தம் ஆகாது. எழுத்து அதேதான், அச்சு வடிவம்தான் வேறு.

எழுத்துணரி மென்பொருளை முதல் வரைவுக்குப் பயன்படுத்தலாம். டெசராக்ட் வைத்திருப்பவர்கள் இப்படி ஓட்டுவார்கள்:

```
tesseract 02.jpg 02 -l tam+eng --psm 6
```

கடைசியில் உள்ள 6, பக்கத்தை ஒரே உரைப் பகுதியாகப் படிக்கச் சொல்கிறது. பட்டியல் இரண்டு பத்தியாக அச்சாகியிருந்தால் இது இடப்பத்தியின் வரியையும் வலப்பத்தியின் வரியையும் குறுக்கே சேர்த்துப் படித்து, இரண்டு நூல்களைக் கலந்துவிடும். அப்போது படத்தை நெடுக்கே இரண்டாக வெட்டி, இடப்பாதியை முதலிலும் வலப்பாதியைப் பிறகும் ஓட்டுங்கள். எப்படி ஓட்டினாலும் நீள்கோட்டையும் உள்தள்ளலையும் அது காப்பாற்றும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகையால் நான் முன்பு சொன்ன எண்ணிடும் வேலையை இது மிச்சப்படுத்தாது.

ஒப்பு நோக்குதல்

தட்டச்சு முடிந்ததும் ஒருவர் படத்தைப் பார்த்து உரக்கப் படிக்க, மற்றவர் திரையைப் பார்க்க வேண்டும். படிப்பவர் புள்ளி, காற்புள்ளி, அடைப்பு, கோடு எல்லாவற்றையும் வாயால் சொல்ல வேண்டும். “கோடு, அடைப்புக்குள் ப புள்ளி ஆ புள்ளி, ஒன்று ஒன்பது ஏழு ஒன்று, ஆவன்னா, புள்ளி” என்று படித்தால்தான் ‘அ’வுக்கும் ‘ஆ’வுக்கும் இடையே குழப்பம் வராது. ஆண்டை எண் எண்ணாகப் படியுங்கள். ‘ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்று’ என்று ஓட்டமாகப் படித்தால் காது பழக்கத்துக்கு இசைந்து போய்விடும்.

பிறகு ஆண்டு நிரலை மட்டும், கடைசிப் பதிவிலிருந்து மேல்நோக்கி, படத்தோடு ஒப்பிடுங்கள். கீழிருந்து போகும்போது அடுத்து என்ன வரும் என்று மனம் முன்கூட்டியே நிரப்பாது. ஒவ்வோர் ஆண்டுக்கும் அதன் தலைப்பையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு வரி நழுவியிருந்தால் இந்தச் சுற்றில் சிக்கிவிடும். நழுவல் ஒரு முறை தொடங்கினால் அதற்குக் கீழே எல்லாப் பதிவிலும் ஆண்டு ஒரு படி தள்ளியே இருக்கும். ஆகவே ஒரே பதிவில் பிழை கண்டால் அதை மட்டும் திருத்திவிட்டுப் போகாமல், மேலும் கீழும் இரண்டிரண்டு பதிவுகளைப் பாருங்கள்.

கடைசியாக, கட்டுரையின் உடற்பகுதியில் வரும் சான்றுகளை ஒவ்வொன்றாக எடுத்து, பெயரும் ஆண்டும் உங்கள் பட்டியலில் இருக்கின்றனவா என்று பாருங்கள். உடற்பகுதியில் இருப்பது பட்டியலில் இல்லையென்றால் ஒரு பதிவை விட்டிருக்கிறீர்கள், அல்லது ஆண்டைத் தவறாகப் படித்திருக்கிறீர்கள், அல்லது கட்டுரையாசிரியரே விட்டிருக்கிறார். படத்தை மறுபடி பார்த்தால் முதல் இரண்டும் தீர்ந்துவிடும். மூன்றாவதானால் நீங்கள் சேர்க்கக்கூடாது; ஐயத்தில் குறியுங்கள்.

ஆய்வாளரிடம் ஒப்படைக்கும்போது கோப்போடு, எண்ணிட்ட படங்களையும் ஐயம் நிரலில் குறிப்புள்ள வரிகளைத் தனியே எடுத்த ஒரு தாளையும் கொடுங்கள். அந்தத் தாளில் பதிவு எண்ணும் இதழின் பக்க எண்ணும் இருக்கட்டும். அவர் அடுத்த முறை நூலகத்துக்குப் போகும்போது அந்தப் பக்கத்தை நேரே திறந்து மங்கிய எண்ணைப் பார்த்துவிடுவார். வரி முறிந்த தலைப்புக்கு இதழைத் திரும்பப் பார்த்துப் பயனில்லை. அதற்கு அந்த நூலையே எடுத்து, மேலட்டையை விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் தலைப்புப் பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அட்டையில் அழகுக்காகத் தலைப்பை இரண்டு மூன்று வரிகளாக உடைத்திருப்பார்கள். தலைப்புப் பக்கத்திலும் உடைந்திருந்தால், அதற்கடுத்த பக்கத்தில் நூல் விவரங்களோடு தலைப்பு ஒரே வரியில் இருக்கிறதா என்று பார்க்கலாம்.